அரசாங்க அதிபருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவது எப்படி: புதிதாக வந்த உத்தியோகத்தர்களுக்கு

பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ முகாமைத்துவ உதவியாளராகவோ சேர்ந்து சில மாதங்கள் ஆனதும் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு உங்களிடம் ஒரு வேலை வரும். “ஜீ.ஏ.க்கு ஒரு குறிப்பு தேவை. இரண்டு பக்கம். நாளைக்கு.” அதை எப்படி எழுதுவது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பழைய கோவையைப் புரட்டினால் ஆறு பக்கக் கடிதங்கள்தான் கிடைக்கும். நானும் அப்படிப் புரட்டிப் புரட்டித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தச் சுற்று வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

விளக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் கொண்டுபோகிறேன். குச்சவெளிப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கிணறுகள் உவர்ப்பாகிவிடுகின்றன, குடிக்க நீர் இல்லை. 130 குடும்பங்கள், 480 பேர். கிராமமும் எண்களும் விலைகளும் பயிற்சிக்காக நான் வைத்தவை. உங்கள் குறிப்பில் உங்கள் எண்கள் வரட்டும்.

1. யாருடைய கையொப்பம் தேவை என்று முதலில் பாருங்கள்

எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்வி: இந்தக் குறிப்பை வாசிப்பவர் தன் பேனாவால் எதைச் செய்ய முடியும்? அரசாங்க அதிபரால் மாவட்டத்துக்கு வந்த நிவாரண ஒதுக்கீட்டை விடுவிக்க முடியும். திணைக்களங்களை ஒரு மேசைக்கு அழைக்க முடியும். அமைச்சுக்குக் கடிதம் அனுப்ப முடியும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாயை மூன்று கிலோமீற்றர் நீட்டும்படி ஒரு கையொப்பத்தால் உத்தரவிட முடியாது. அது சபையின் திட்டம், சபையின் பணம்.

திருப்பி அனுப்பப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பிரச்சினை உண்மை, எழுத்தும் நன்று, ஆனால் கேட்டது வாசிப்பவரின் கையில் இல்லாத ஒன்று. அப்போது அவர் ஓரத்தில் “கலந்துரையாடுக” என்று எழுதுவார். அந்தச் சொல்லுக்குள் ஒரு கோடைகாலமே போய்விடும்.

பள்ளிக்கூட ஆசிரியர் வெற்றிடம், மாகாண வீதி, பிரதேச வைத்தியசாலை போன்றவை மாகாண சபையின் கீழ் வருபவை. அவற்றுக்கு வாசகர் மாகாண அமைச்சின் செயலாளர் அல்லது பிரதம செயலாளர். இருவரின் அலுவலகங்களும் திருகோணமலையிலேயே இருப்பதால் புதியவர்கள் குழம்பிப்போய் எல்லாவற்றையும் கச்சேரிக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

2. பரிந்துரையை முதலில் எழுதுங்கள்

குறிப்பின் கடைசிப் பந்தியை முதலில் எழுத வேண்டும். அதை எழுத முடியவில்லை என்றால் மற்றவற்றை எழுதுவதற்கான நேரம் இன்னும் வரவில்லை. எங்கள் எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கும்:

“ஜூன் 3 முதல் செப்டம்பர் 30 வரையான 120 நாட்களுக்கு, ஐந்து நாட்களில் ஆறு தடவை என்ற ஒழுங்கில் பவுசர் மூலம் குடிநீர் வழங்கவும் ஆறு நீர்த்தொட்டிகள் வைக்கவும், ரூபா 14.76 இலட்சத்தை வறட்சி நிவாரண ஒதுக்கீட்டிலிருந்து பிரதேச செயலாளருக்கு விடுவிக்குமாறு பரிந்துரைக்கிறேன். மே 10ஆம் திகதிக்கு முன் அனுமதி கிடைத்தால் தொட்டிகளுக்கு விலைமனு கோரி ஜூன் தொடக்கத்தில் வைத்துவிடலாம்.”

யார், என்ன, எவ்வளவு, எந்தப் பணத்திலிருந்து, எப்போதிலிருந்து, எப்போதுக்குள் முடிவு தேவை. இவை எல்லாம் இரண்டு வாக்கியத்தில் இருக்கின்றன. “உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்” என்று எழுதினால் இவற்றில் ஒன்றும் இராது. யார் எடுப்பது என்ற கேள்வியோடு கோவை உங்கள் மேசைக்கே திரும்பும்.

பரிந்துரை ஒன்றே ஒன்று. “பவுசரும் வேண்டும், அத்துடன் குழாய் நீடிப்புக்கும் ஆவன செய்யவும்” என்று இரண்டாவதை ஒட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒட்டாதீர்கள். குழாய் நீடிப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போக வேண்டிய விடயம். அதற்கு வேறொரு குறிப்பு எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், எளிதானது கடினமானதற்காகக் காத்திருக்கும்.

3. ஆவணங்களைச் சேர்க்க எழுதுவதைவிட அதிக நேரம் எடுங்கள்

எழுத அரை நாள் போதும். ஆவணங்களுக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். “நாளைக்கு” என்று கேட்பார்கள் என்பதால்தான், இத்தகைய பிரச்சினைகளின் ஆவணங்களைக் கோடை வருமுன்பே ஒரு கோவையில் சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.

முதலாவது, குடும்பப் பட்டியல். கிராம உத்தியோகத்தரிடம் ஓர் எண் இருக்கும், குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இன்னோர் எண், செயலகத்தின் புள்ளிவிபரத்தில் மூன்றாவது. மூன்றும் ஒத்துவராது. ஒருவர் வெளிநாட்டில் இருப்பவரையும் எண்ணியிருப்பார், மற்றவர் எண்ணியிருக்க மாட்டார். சராசரி எடுக்காதீர்கள். ஒன்றைத் தெரிவுசெய்து, “கிராம உத்தியோகத்தரின் பதிவேடு, மார்ச் 31” என்று மூலத்தையும் திகதியையும் பக்கத்தில் எழுதுங்கள். கூட்டத்தில் வேறு எண்ணைச் சொல்பவர் வந்தாலும் உங்கள் எண் நிற்கும்.

இரண்டாவது, நீர்ப் பரிசோதனை அறிக்கை. இதில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாரி மழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். அதன் பின் பெப்ரவரியில் கிணற்று நீரை எடுத்துப் பரிசோதித்தால் உவர்ப்பு குறைவாகவே காட்டும். கரையோர மணலில் நிலத்தடி நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மழை அதைத் தடிப்பாக்கும். கோடையில் அது வற்ற, நாங்கள் மோட்டார் வைத்து இறைக்க, கீழிருந்த உவர்நீர் மேலே வரும். எனவே ஏப்ரலில் எழுதும் குறிப்புக்கு பெப்ரவரி அறிக்கையை இணைத்தால், “கிணறு நன்றாகத்தானே இருக்கிறது” என்ற கேள்விக்கு நீங்களே சாட்சி கொடுத்தவர் ஆவீர்கள். போன ஆண்டு ஓகஸ்ட் அறிக்கையைத் தேடி எடுங்கள். இல்லை என்றால் இந்த ஓகஸ்டில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரி எடுத்து, அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் பல வரிகள் இருக்கும். உங்களுக்குத் தேவையானது குளோரைட்டு வரி. இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 அதற்கு வைத்திருக்கும் மேல் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். “சோதித்த ஐந்து கிணறுகளில் நான்கு இந்த எல்லையைத் தாண்டின” என்ற ஒரே வாக்கியம் குறிப்புக்குள் போனால் போதும். அட்டவணை முழுவதும் இணைப்பில் இருக்கட்டும்.

மூன்றாவது, விலைகள். பவுசர் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பிரதேச சபையிடமும், தொட்டி விலையை நகரக் கடைகளிலும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கேட்ட விலையைக் கணக்காளர் ஏற்கமாட்டார்.

உங்கள் கைச்செலவு பெரிதாக இராது. அச்சும் நிழற்பிரதியும் அலுவலகத்தில் முடியும். பஸ்ஸில் போய் வருவதுதான் செலவு. புல்மோட்டையிலோ வெருகலிலோ வேலை செய்பவருக்கு நகரத்தில் ஒரு கடிதம் வாங்குவது என்றால் ஒரு முழு நாள். ஆகவே விலைமனு, நீர் அறிக்கை, கச்சேரி வேலை மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்கத் திட்டமிடுங்கள்.

4. பிரச்சினையை ஐந்து வரியில் சொல்லுங்கள்

கிராமத்தின் வரலாறு வேண்டாம். “நீர் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது” என்று தொடங்கவும் வேண்டாம், அது அரசாங்க அதிபருக்குத் தெரியும். எத்தனை பேர், எந்த மாதங்கள், என்ன அளவீடு, இப்போது மக்கள் என்ன செய்கிறார்கள். இந்த நான்கும் போதும்.

கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் கிராமத்தில் மக்கள் லொறியில் வரும் 20 லீற்றர் கலன் நீரை 100 ரூபாவுக்கு வாங்குகிறார்கள். குடும்பத்துக்கு நாளுக்கு ஒரு கலன். இந்த ஒரு தகவல் அடுத்த பகுதியில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

5. தெரிவுகள்: இங்கேதான் குறிப்பு நிற்கும் அல்லது விழும்

மூன்று அல்லது நான்கு தெரிவுகள் வையுங்கள். உங்களுக்கு விருப்பமானதை நடுவில் வைத்து, இரு பக்கமும் யாரும் ஏற்க முடியாத இரண்டை நிறுத்தும் பழக்கம் அலுவலகங்களில் இருக்கிறது. அனுபவமுள்ள வாசகர் முதல் பார்வையிலேயே அதைக் கண்டுபிடிப்பார். பிறகு உங்கள் எண்களையும் நம்பமாட்டார். ஒவ்வொரு தெரிவையும், அதை விரும்பும் ஒருவர் வாசித்தாலும் “சரியாகத்தான் சொல்லியிருக்கிறது” என்னும்படி எழுதுங்கள்.

முதல் தெரிவு எப்போதும் “இப்படியே விடுவது”. செலவில்லாத தெரிவு போலத் தோன்றும். கணக்குப் போடுங்கள்: 130 குடும்பம், நாளுக்கு 100 ரூபா, 120 நாள். 15.6 இலட்சம். அரசு செலவழிக்காத பணத்தைக் கிராமம் செலவழிக்கிறது. அதற்குக் கிடைப்பது ஒரு வீட்டுக்கு 20 லீற்றர்.

இரண்டாவது, பவுசர். ஒருவருக்கு நாளுக்கு 15 லீற்றர் என்று எடுத்தால் 480 பேருக்கு 7,200 லீற்றர். பவுசரின் கொள்ளளவு 6,000 லீற்றர் என்றால் ஐந்து நாட்களுக்கு ஆறு தடவை, 120 நாட்களுக்கு 144 தடவை. தடவைக்கு 9,000 ரூபா வீதம் 12.96 இலட்சம். பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நீர் எங்கே இறங்கும்? தொட்டி இல்லாவிட்டால் பவுசர் வீதியோரம் நிற்க வேண்டும், பகலில் வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு நீர் கிடைக்காது. 1,000 லீற்றர் தொட்டி ஆறு வைத்தால் ஒரு தடவையின் நீர் முழுவதும் இறங்கிவிடும். தொட்டி 30,000 ரூபா வீதம் இன்னும் 1.8 இலட்சம். மொத்தம் 14.76 இலட்சம். ஒரு வீட்டுக்கு நாளுக்கு ஏறத்தாழ 55 லீற்றர். “இப்படியே விடுவதை”விடக் குறைந்த பணத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் நீர். இந்த ஒப்பீடு குறிப்பில் ஒரு வரியாக வர வேண்டும்.

பவுசரின் குறையையும் எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் திரும்பச் செலவாகும். தொட்டிகளைக் கழுவவும் குளோரின் அளவைப் பார்க்கவும் ஆள் வேண்டும். பவுசர் பழுதானால் மாற்று வேண்டும்.

மூன்றாவது, உவர்நீரைச் சுத்திகரிக்கும் சிறு நிலையம். 48 இலட்சம் என்று வைப்போம். கிராமத்தில் இதற்குத்தான் ஆசை அதிகம். ஒரு கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழா வைக்கலாம். ஆனால் உள்ளே போகும் நீரில் கணிசமான பங்கு செறிந்த உப்புக் கழிவாக வெளியே வரும். அதை மணலில் விட்டால் பக்கத்துக் கிணற்றுக்கே போய்ச் சேரும். சவ்வு வடிகட்டிகளைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும், மின் கட்டணத்தை யாராவது கட்ட வேண்டும். நீர்ச் சங்கம் ஒன்று உறுதியாக இல்லாத கிராமத்தில் இயந்திரம் நின்றால் நின்றதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பெறுகை நடைமுறை முடிந்து நிலையம் இயங்கும்போது இந்த ஆண்டின் கோடை போய்விடும். இதைத் தள்ளிவைக்கக் காலம் என்ற காரணமே போதும், மற்றவற்றை ஒரு வரியில் சொல்லுங்கள்.

நான்காவது, குழாய் நீடிப்பு. நிரந்தரத் தீர்வு இதுதான் என்று நேர்மையாக எழுதுங்கள். அதோடு, முடிவெடுப்பது நீர் வழங்கல் சபை என்பதையும், குழாயின் கடைசி முனையில் அமுக்கம் போதுமா என்று பொறியியலாளர் இன்னும் சொல்லவில்லை என்பதையும் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தால் திகதியைக் குறிப்பிடுங்கள்.

நான்கையும் ஓர் அட்டவணையில் போடலாம்: செலவு, நீர் கிடைக்கும் மாதம், முடிவெடுப்பவர், முக்கியக் குறை. நான்கு நிரல், நான்கு நிரை. அதற்கு மேல் வேண்டாம்.

6. பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்

“வறட்சி நிவாரண ஒதுக்கீட்டிலிருந்து” என்று எழுதுமுன் கச்சேரியில் கணக்குக் கிளைக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: பணம் மாவட்டத்துக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் பரிந்துரை “விடுவிக்குமாறு” என்று முடியும். வரவில்லை என்றால் “அமைச்சிடம் கோருமாறு” என்று மாறும். இரண்டும் வேறு வேறு கையொப்பங்கள். இல்லாத பணத்தை விடுவிக்கச் சொன்ன குறிப்பு கணக்காளரின் மேசையில் அப்படியே கிடக்கும், ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. அந்தத் திகதி தாண்டினால் செலவழிக்காத ஒதுக்கீடு உங்களுக்குக் கிடைக்காது. டிசம்பரில் “மிச்சப் பணம் இருக்கிறது, உடனே ஒரு குறிப்பு கொடு” என்று கேட்பார்கள். மழை கொட்டும் மாதத்தில் குடிநீர்ப் பவுசருக்குக் குறிப்பு எழுத முடியாது. ஆனால் அடுத்த கோடைக்கான தொட்டிகளை அப்போது கேட்கலாம். அந்தக் கோவையையும் தயாராக வைத்திருங்கள்.

7. இரண்டு பக்கத்துக்குள் அடக்குதல்

12 புள்ளி எழுத்தில், ஒழுங்கான ஓரம் விட்டால், இரண்டு தாள்பக்கத்தில் தமிழில் ஏறத்தாழ 500 சொற்கள்தான் வரும். எழுத்தைச் சிறிதாக்கியும் ஓரத்தைக் குறைத்தும் அடக்க முயலாதீர்கள். வாசிப்பவர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்க்க வேண்டி வந்தால் உங்கள் பக்கத்து நியாயம் அரைவாசி போயிற்று. முதல் பக்கத்தின் மேலே விடயம் ஒரு வரி, அதற்குக் கீழே பரிந்துரை மூன்று வரி. ஆம், பரிந்துரை முதலிலும் வரும், முடிவிலும் வரும். கூட்டத்துக்குப் போகும் வழியில் வாகனத்தில் வாசிப்பவர் மேற்பகுதியை மட்டுமே பார்ப்பார். இரண்டாம் பக்க அடியில் அவர் எழுத நான்கு விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள். இடமில்லாவிட்டால் வேறு தாளில் எழுதுவார், அது கோவையிலிருந்து பிரிந்து தொலையும்.

எழுத்துரு ஒரு தனித் தொல்லை. பாமினியில் தட்டெழுதி மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டில் எழுதுங்கள், பி.டி.எப். ஆக அனுப்புங்கள்.

மொழியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழிதான். ஆனாலும் கோவை போகும் வழியில் சிங்களத்தில் மட்டும் வாசிக்கும் ஒருவர் இருக்கலாம். அப்போது இரண்டாவது பிரதி தேவைப்படும். மொழிபெயர்ப்புக்கு இரண்டு நாளாவது கொடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எண்களையும் திகதிகளையும் மட்டும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். 14.76 இலட்சம் ஒரு பிரதியில் 1.476 மில்லியனாகவும் மற்றதில் 14.76 மில்லியனாகவும் மாறியிருந்தால், இரண்டையும் யாரும் நம்பப்போவதில்லை.

இன்னொன்று: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. உங்கள் குறிப்பை ஒருவர் கேட்டு வாங்கலாம். “இந்தக் கிராமத்தவர்கள் எப்போதும் முறைப்பாடு செய்பவர்கள்” போன்ற வரிகளை எழுதாமல் விடுவதற்கு மரியாதை ஒரு காரணம், இது மற்றொன்று.

8. எந்த வழியாக, எந்த நாளில்

குறிப்பு உங்கள் பிரதேச செயலாளர் ஊடாகவே போக வேண்டும். அவரைத் தாண்டி நேராகக் கச்சேரிக்குக் கொடுத்தால், நாளைக்கு அதே அறையில் அவருக்குக் கீழே இருந்து வேலை செய்யப் போவது நீங்கள்தான். அவர் கையொப்பமிடுமுன், குறிப்பில் பெயர் வரும் ஒவ்வோர் அலுவலகத்துடனும் பேசுங்கள். பிரதேச சபைக்குச் சொல்லாமல் அவர்களின் பவுசரை 144 தடவை ஓடவிட்டால், முதல் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும். “பிரதேச சபைச் செயலாளருடன் பேசப்பட்டது, இணக்கம்” என்ற வரியை உண்மையாகவே எழுத முடிய வேண்டும்.

ஜூன் 3இல் நீர் வேண்டும் என்றால் திகதிகளைப் பின்னோக்கி எண்ணுங்கள். விலைமனு, கொள்வனவு, தொட்டி வைப்பதற்கு மூன்று வாரம். எனவே அனுமதி மே 10க்குள். கச்சேரியில் கோவை கிளைகளைச் சுற்ற இரண்டு வாரம். உங்கள் செயலகத்திலிருந்து ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் வெளியேற வேண்டும். இதற்கு நடுவில் சித்திரைப் புத்தாண்டு வருகிறது. அந்த வாரத்திலும் அதற்கு முன் பின்னும் பாதிக் கதிரை வெறுமையாக இருக்கும். எனவே நடைமுறையில் ஏப்ரல் முதல் வாரம்.

கொடுக்கும்போது உள்வரவுப் பதிவேட்டின் இலக்கத்தைக் கேட்டு உங்கள் பிரதியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் “குச்சவெளித் தண்ணீர்க் குறிப்பு” என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இலக்கத்தைச் சொன்னால் எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அனுமதி வந்ததும் பவுசர் ஓட்டுநரிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். திகதி, எத்தனை லீற்றர், எந்தத் தொட்டி, கிராமத்தில் ஒருவரின் கையொப்பம். கணக்காய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.